எங்கள் சிகிச்சைகள்: பயத்தோடு வருகிறவர்களுக்காகத் திருத்தி எழுதியது

பல் டாக்டரிடம் போக வேண்டும் என்று நினைத்தபடியே ஒரு வருடம், இரண்டு வருடம் தள்ளிப்போட்டவர்கள் எங்களிடம் நிறைய வருகிறார்கள். "இவ்வளவு நாள் விட்டுவிட்டேன், திட்டுவீர்களோ" என்று தயங்குவார்கள். திட்ட மாட்டோம். பயம் வந்ததற்குப் பெரும்பாலும் ஒரு காரணம் இருக்கும். சின்ன வயதில் மரத்துப்போவதற்குள் யாரோ பல்லைப் பிடுங்கியிருப்பார்கள், அல்லது வலிக்கிறது என்று சொன்னபோது யாரும் காது கொடுத்திருக்க மாட்டார்கள்.

இதே இடத்தில் முன்பு "வலியே இல்லாத சிகிச்சை" என்றும் "நூறு சதவீத வெற்றி" என்றும் எழுதியிருந்தோம். இரண்டையும் எடுத்துவிட்டோம். வலியே இருக்காது என்று நம்பி உட்கார்ந்தவருக்கு ஊசி சுருக்கென்று குத்தினால், அதற்கப்புறம் நாங்கள் சொல்லும் எதையும் அவர் நம்ப மாட்டார். அதனால் என்ன செய்வோம், அப்போது உங்களுக்கு எப்படி இருக்கும், எதை எங்களால் உறுதியாகச் சொல்ல முடியாது என்பதை உள்ளபடியே கீழே எழுதியிருக்கிறோம்.

முதல் நாள்

முதல் நாள் பேச்சும் பரிசோதனையும்தான். சிறிய கண்ணாடியால் பார்ப்போம், தேவைப்பட்டால் எக்ஸ்ரே எடுப்போம். வீக்கமோ தாங்க முடியாத வலியோ இருந்தால் தவிர, அன்றைக்கே ஊசியோ டிரில்லோ கிடையாது. என்ன செய்யலாம், செய்யாவிட்டால் என்ன ஆகும், எத்தனை முறை வர வேண்டியிருக்கும், எவ்வளவு செலவாகும் என்று எழுதித் தருவோம். வீட்டுக்குப் போய் யோசித்துவிட்டு வரலாம். கூட யாரையாவது அழைத்து வந்தால் அவர் உங்கள் பக்கத்திலேயே உட்காரலாம்.

சிகிச்சை நடக்கும்போது இடது கையை உயர்த்தினால் நிறுத்துவோம். காரணம் சொல்லத் தேவையில்லை. எச்சில் துப்ப வேண்டும் என்றாலும் சரி, கொஞ்சம் மூச்சுவிட வேண்டும் என்றாலும் சரி. சில கட்டங்களில் கருவியைப் பத்திரமாக வெளியே எடுக்க இரண்டு மூன்று நொடி ஆகும்; அந்தக் கட்டம் வருவதற்கு முன்பே உங்களிடம் சொல்லிவிடுவோம்.

மரத்துப்போகும் ஊசி

பலருக்கும் சிகிச்சையைவிட இந்த ஊசிதான் பயம். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

முதலில் ஈறில் மரத்துப்போகும் ஜெல் தடவி ஓரிரண்டு நிமிடம் விடுவோம். அது மேல்தோலை மட்டும்தான் மரக்கச் செய்யும். அதனால் ஊசி நுழைவது குறைவாகத் தெரியுமே தவிர, தெரியவே தெரியாது என்று சொல்ல மாட்டோம். மருந்தை மெதுவாகச் செலுத்துவோம். வேகமாகச் செலுத்தினால்தான் அழுத்தமும் வலியும் கூடும். மேல்பற்கள் பெரும்பாலும் சில நிமிடங்களில் மரத்துவிடும். கீழ்த்தாடையின் பின்பற்களுக்குப் பத்து நிமிடம்கூட ஆகலாம். மரத்துவிட்டதா என்று தொட்டும் தட்டியும் பார்த்த பிறகே தொடங்குவோம்.

மருந்து, வலி நரம்பு வழியாக மூளைக்குப் போகாமல் தடுக்கிறது. ஆனால் அழுத்தம், அசைவு, சத்தம் எல்லாம் தெரியும். இதை முன்பே யாரும் சொல்லாததால்தான், பல்லை அழுத்தும்போது "மருந்து வேலை செய்யவில்லையோ" என்று பலர் பதறுகிறார்கள். அழுத்தம் வேறு, வலி வேறு. சுருக்கென்றோ கூர்மையாகவோ ஏதாவது தெரிந்தால் கையை உயர்த்துங்கள்; இன்னும் கொஞ்சம் மருந்து கொடுப்போம்.

ஊசி போட்டதும் சிலருக்கு நெஞ்சு சற்று வேகமாக அடித்துக்கொள்ளும். மருந்து நீண்ட நேரம் நிற்பதற்காகப் பல சமயம் அதில் சிறிதளவு அட்ரினலின் கலந்திருக்கும். படபடப்பு அதனாலும் வரலாம், பயத்தாலும் வரலாம். பெரும்பாலும் சில நிமிடங்களில் அடங்கிவிடும். இதய நோய், ரத்த அழுத்தம், மருந்து ஒவ்வாமை எது இருந்தாலும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஒன்றை மறைக்க விரும்பவில்லை. பல்லின் நரம்பு மிகவும் வீங்கியிருந்தால், முக்கியமாகக் கீழ்க் கடைவாய்ப்பற்களில், ஒரு ஊசிக்கு முழுதாக மரக்காமல் போகலாம். அப்போது வேறு இடத்தில் இன்னொரு ஊசி தேவைப்படும். அதற்கும் சரிவராவிட்டால், அன்றைக்கு முடிந்ததை மட்டும் செய்து வலிக்கும் வீக்கத்துக்கும் வழி பண்ணிவிட்டு, இன்னொரு நாள் தொடர்வோம். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல மாட்டோம்.

உதடும் நாக்கும் இரண்டிலிருந்து நான்கு மணி நேரம் தடித்ததுபோல் இருக்கும். உணர்வு திரும்பும்வரை சூடாகக் குடிக்க வேண்டாம், மென்று சாப்பிட வேண்டாம். குழந்தைகள் உதட்டைக் கடித்துவிடுவார்கள், பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

முழு மயக்கத்தில் செய்யும் வசதி எங்களிடம் இல்லை. பயம் அந்த அளவுக்கு இருந்தால், மயக்க மருந்து நிபுணர் இருக்கும் மருத்துவமனைக்கு எக்ஸ்ரேயுடன் கடிதம் எழுதி அனுப்புவோம்.

பல் சுத்தம் செய்தல்

பல்லில் படிந்து கெட்டியான காரையை அதிரும் கருவியால் எடுப்போம். கீச்சென்ற சத்தமும் தண்ணீரும் இருக்கும். பெரும்பாலானவர்களுக்கு ஊசி தேவைப்படாது. ஈறு மிகவும் புண்ணாக இருந்தால் மரக்கச் செய்துவிட்டே செய்வோம்.

"க்ளீன் செய்தால் பல் ஆடிப்போகும்" என்று பலர் கேட்கிறார்கள். காரையும் கிருமியும் பல்லைத் தாங்கும் எலும்பை ஏற்கெனவே கரைத்திருந்தால், இறுகிப் பிடித்திருந்த காரை போனதும் ஆட்டம் வெளியே தெரியும். சுத்தம் செய்ததால் வந்த ஆட்டம் இல்லை அது. அதேபோல் பல் இடுக்குகள் பெரிதாகத் தெரியலாம், சில நாள் கூச்சம் இருக்கலாம். ஈறில் ரத்தம் வருவது குறையும். ஆனால் கரைந்த எலும்பும் கீழிறங்கிய ஈறும் சுத்தம் செய்வதால் மட்டும் திரும்ப வளராது.

சொத்தை அடைத்தல்

சொத்தையை நீக்கிவிட்டுப் பல் நிறத்திலேயே அடைப்போம். சின்னச் சொத்தைக்குச் சில சமயம் ஊசிகூட வேண்டியிருக்காது. பிறகு ஓரிரு வாரம் குளிர்ந்தது பட்டால் கூசலாம். கடிக்கும்போது அந்தப் பல் மட்டும் முதலில் இடித்தால் வாருங்கள். அடைப்பைக் கொஞ்சம் தேய்த்துச் சரிசெய்ய ஐந்து நிமிடம் போதும். சொத்தை நரம்புக்கு மிக அருகில் போயிருந்தால், அடைத்த பிறகும் அந்தப் பல்லுக்கு ரூட் கேனால் தேவைப்படலாம். அந்த வாய்ப்பு இருக்கிறதா என்பதை அடைப்பதற்கு முன்பே சொல்வோம்.

ரூட் கேனால்

பெயரைக் கேட்டாலே பலருக்கு வயிறு கலங்குகிறது. உண்மையில் நீங்கள் கேள்விப்பட்ட வலியில் பெரும்பகுதி, சிகிச்சைக்கு முன்னால் அந்தப் பல் கொடுத்த வலி. இரவெல்லாம் தூங்கவிடாமல் விண்விண் என்று தெறிக்கிறதே, அதை நிறுத்தத்தான் இந்தச் சிகிச்சை.

பல்லுக்குள்ளே நரம்பும் ரத்தக்குழாயும் சேர்ந்த மெல்லிய சதை இருக்கிறது. சொத்தை அதுவரை போய்ப் புண்ணாக்கிவிட்டால் பெரும்பாலும் தானாக ஆறாது. பல்லை மரக்கச் செய்து, மேலே சிறு துளையிட்டு, அந்தச் சதையை எடுத்து, வேரின் உள்பாதையைச் சுத்தம் செய்து மூடுவோம். பல்லைச் சுற்றி ஒரு ரப்பர் விரிப்பு மாட்டுவோம். மருந்தும் சிறு கருவிகளும் தொண்டைக்குள் போகாமல் அது தடுக்கும். மூக்கால் மூச்சுவிட முடியாதபடி சளி இருந்தால் சொல்லுங்கள், வேறு நாள் வைத்துக்கொள்ளலாம்.

பொதுவாக ஒன்றிலிருந்து மூன்று முறை வர வேண்டியிருக்கும். முடிந்தபின் சில நாள் அழுத்தினால் நோவு இருக்கும். மருத்துவர் எழுதித் தரும் வலி மாத்திரைக்கு அது வழக்கமாகக் கட்டுப்படும். குறையாமல் கூடிக்கொண்டே போனால் காத்திருக்காமல் எங்களைக் கூப்பிடுங்கள்.

பெரும்பாலான பற்கள் இதனால் பல ஆண்டுகள் நிற்கின்றன. எல்லாப் பல்லும் நிற்கும் என்று எங்களால் சொல்ல முடியாது. வேரின் பாதை வளைந்தோ அடைபட்டோ இருக்கலாம், கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம், கிருமி திரும்பவும் வரலாம். அப்போது மறுபடி செய்யவோ பல்லை எடுக்கவோ நேரிடும். கடைவாய்ப்பல் என்றால் பெரும்பாலும் மேலே கேப் போட வேண்டும். போடாமல் விட்ட பல் கடிக்கும்போது பிளந்துவிடும் ஆபத்து அதிகம். இந்தச் செலவையும் முதல் நாள் எழுதித் தரும் தாளிலேயே சேர்த்துவிடுவோம், பாதியில் வந்து சொல்ல மாட்டோம்.

பல் எடுத்தல்

காப்பாற்ற வழி இருந்தால் அதை முதலில் சொல்வோம். எடுக்கத்தான் வேண்டும் என்றால், மரத்த பிறகு பல்லை மெதுவாக அசைத்துத் தளர்த்துவோம். தாடையில் நல்ல அழுத்தம் தெரியும், நறநற என்று சத்தமும் கேட்கலாம். எலும்பு வழியாக வருவதால் அந்தச் சத்தம் உங்களுக்குப் பெரிதாகக் கேட்கும். மேல்பல்லை எடுத்தால் கண் பார்வை போய்விடும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. பல்லுக்குப் போகும் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. பல் எடுப்பதால் பார்வை குறையாது.

பஞ்சை அரை மணி நேரத்துக்கு மேல் அழுத்திக் கடித்திருங்கள். அன்று கொப்பளிப்பது, துப்பிக்கொண்டே இருப்பது, ஸ்ட்ராவில் உறிஞ்சுவது, புகைப்பது எதுவும் வேண்டாம். குழியில் உறைந்த ரத்தம் பெயர்ந்துவிட்டால் எலும்பு வெளியே தெரிந்து, இரண்டு மூன்று நாள் கழித்து வலி திடீரென்று கூடும். அப்படி ஆனால் வாருங்கள், மருந்து வைத்தால் அடங்கும்.

புதைந்த ஞானப்பல்லுக்கு ஈறைத் திறந்து தையல் போட வேண்டியிருக்கும். கன்னம் வீங்கும், சில நாள் வாய் முழுதாகத் திறக்காது. கீழ் ஞானப்பல்லின் வேர் நரம்பை ஒட்டியிருந்தால் உதட்டிலோ தாடையிலோ மதமதப்பு தங்கிவிடலாம். அரிதாக அது நிரந்தரமாகவும் நின்றுவிடும். எக்ஸ்ரேயில் அப்படித் தெரிந்தால் எடுப்பதா விடுவதா என்று உங்களோடு உட்கார்ந்து பேசியே முடிவு செய்வோம்.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பல் எடுப்பதற்காக அதை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். எங்களிடம் சொல்லுங்கள், உங்கள் டாக்டரிடம் நாங்கள் பேசுகிறோம். எலும்புத் தேய்மானத்துக்கு மருந்து எடுப்பவர்களும், சர்க்கரை நோய் இருப்பவர்களும், கர்ப்பிணிகளும் முன்பே சொல்ல வேண்டும்.

இம்ப்ளான்ட், பல் வெண்மை

இம்ப்ளான்ட் என்பது போன பல்லுக்குப் பதிலாகத் தாடை எலும்பில் பதிக்கும் செயற்கை வேர். அது எலும்போடு ஒட்டிப்பிடிக்கப் பொதுவாக மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். புகைப்பவர்களுக்கும் சர்க்கரை கட்டுப்படாதவர்களுக்கும் ஒட்டாமல் போகும் வாய்ப்பு கூடுதல். வெண்மையாக்குதல் இயற்கைப் பல்லில் மட்டும்தான் நடக்கும். கேப்பும் அடைப்பும் நிறம் மாறாது. எவ்வளவு வெளுக்கும் என்பது பல்லுக்குப் பல் மாறும். சில நாள் கூச்சம் இருக்கலாம், வெண்மையும் காலப்போக்கில் மங்கும்.

உடனே கவனிக்க வேண்டியவை

கன்னமோ கழுத்தோ வீங்கி, விழுங்கவோ மூச்சுவிடவோ வாய் திறக்கவோ சிரமமாக இருந்தால் எங்களுக்காகக் காத்திருக்காதீர்கள். நேராகப் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். சிகிச்சைக்குப் பிறகு பஞ்சை அழுத்திக் கடித்தும் ரத்தம் நிற்காவிட்டாலோ, காய்ச்சல் வந்தாலோ, மறுநாளும் மரத்த உணர்வு போகாவிட்டாலோ உடனே எங்களைக் கூப்பிடுங்கள்.

நேரம் கேட்கும்போது

"எனக்குப் பயம்" என்று மட்டும் சொன்னால் போதும். செவ்வாய், வியாழன் காலை 9.30 மணிக்கு முதல் ஆளாக உங்களுக்கு நேரம் ஒதுக்குவோம். காத்திருக்கும் அறையில் டிரில் சத்தம் கேட்டுக்கொண்டு உட்கார வேண்டியிருக்காது. காலையில் வழக்கம்போல் சாப்பிட்டுவிட்டு, தினமும் எடுக்கும் மாத்திரைகளின் சீட்டையும் எடுத்து வாருங்கள். ஊசியா, சத்தமா, நாற்காலியில் சாய்வதா, எதற்குப் பயம் என்று முன்பே சொன்னால் அதற்கேற்ப ஏற்பாடு செய்து வைப்போம்.