சனிக்கிழமை மாலை இரண்டு முறை பிடித்த பணம்: விளக்கமும் மன்னிப்பும்

வாடிக்கையாளர்களுக்கும் கடைக்காரர்களுக்கும் வணக்கம்.

மார்ச் 14, சனிக்கிழமை மாலை 6.10 முதல் 7.45 வரை சேலத்திலும் ஏற்காட்டிலும் எங்கள் ஆப் வாலட்டிலிருந்து பணம் கட்டிய பலருக்கு ஒரே தொகை இரண்டு முறை பிடிக்கப்பட்டிருக்கிறது. தவறு முழுக்க எங்களுடையது, மன்னிக்க வேண்டுகிறோம். நீங்கள் இருமுறை அழுத்தியதாலோ, மலைப்பாதையில் சிக்னல் விட்டுவிட்டு வந்ததாலோ இது நடக்கவில்லை.

நடந்தது இதுதான். வங்கியிடமிருந்து பதில் வரத் தாமதமானால் எங்கள் சர்வர் அதே கோரிக்கையை மறுபடி அனுப்பும். அப்போது பழைய பரிவர்த்தனை எண்ணே போக வேண்டும். எண் ஒன்றாக இருந்தால்தான் வங்கி இரண்டாவதை நிராகரிக்கும். அன்று மதியம் சேலம் மாவட்டக் கடைகளுக்கு மட்டும் விட்ட அப்டேட், ஒவ்வொரு முறையும் புது எண் போட்டது. வாலட்டிலிருந்து கட்டும்போது பின் நம்பர் கேட்காததால் உங்களுக்கும் தெரிய வழியில்லை. அந்த அப்டேட்டை 7.45-க்கு எடுத்துவிட்டோம். பின் நம்பர் போட்டு நேராக வங்கிக் கணக்கிலிருந்து கட்டியவர்களுக்குப் பாதிப்பில்லை.

ஆப்பில் ‘வரலாறு’ பக்கத்தைத் திறந்து பாருங்கள். தட்டுவடை செட் கடையில் 6.42-க்கு ₹40, 6.43-க்கு மறுபடி ₹40, எண் மட்டும் வேறு என்றிருந்தால் அது இரட்டைப் பிடித்தம். இரண்டாவது தொகை மார்ச் 17, செவ்வாய் இரவு 9 மணிக்குள் தானாக வாலட்டுக்கு வந்துவிடும். புகார் எழுத வேண்டாம். வராவிட்டால் அந்தப் பரிவர்த்தனையைத் தொட்டு ‘உதவி’யில் ‘இருமுறை பிடித்தம்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

கடைக்காரர்கள் கவனிக்க வேண்டியது கொஞ்சம் அதிகம். சவுண்ட் பாக்ஸ் இரண்டு முறை சொன்னாலும் இரண்டாவது தொகை உங்கள் கணக்குக்கு வரவில்லை. சனிக்கிழமை இரவே நிறுத்தி வைத்துவிட்டோம். அதனால் யாருக்கும் கையிலிருந்து ரொக்கம் கொடுக்காதீர்கள், நஷ்டம் உங்களுக்குத்தான். ஏற்கெனவே கொடுத்திருந்தால் செவ்வாய் மதியம் 12 மணிக்குள் பரிவர்த்தனை எண்ணுடன் ‘உதவி’யில் தெரிவியுங்கள். வாடிக்கையாளரிடம் கேட்டு உறுதிசெய்துகொண்டு, அந்தத் தொகையை உங்கள் கணக்கில் போடுகிறோம். பேரம் பேசவோ பில் காட்டவோ தேவையில்லை.

கணக்கில் கழிந்தும் கடைக்குப் போய்ச் சேராத யுபிஐ பணத்தை 5 நாளுக்குள் திருப்ப வேண்டும், தாமதமானால் நாளுக்கு ₹100 தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2019 விதி. இரட்டைப் பிடித்தம் அதில் நேரடியாக வராது. அதைச் சாக்காகச் சொல்ல விரும்பவில்லை: செவ்வாய் தாண்டினால் அதே ₹100-ஐ நாங்களும் தருவோம்.

பணம் திரும்பி வர பின் நம்பர், ஓடிபி, லிங்க், க்யூஆர் ஸ்கேன் எதுவும் வேண்டாம். நாங்கள் போனும் செய்ய மாட்டோம். ‘ரீஃபண்ட்’ என்று யாராவது கூப்பிட்டுப் பணம் பறித்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குச் சொல்லுங்கள். எங்கள் பதில் 30 நாளில் வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் புகார் செய்யலாம், கட்டணம் இல்லை.

வாடிக்கையாளர் சேவைப் பிரிவு, சேலம்