பரிந்துரைக் கடிதம்: செல்வி க. யாழினி, பொது மருத்துவப் படிப்புச் சேர்க்கைக்காக

அனுப்புநர்
ம. தணிகாசலம், எம்.எஸ்சி., பி.எட்.,
முதுகலை ஆசிரியர் (விலங்கியல்),
அரசு மேல்நிலைப் பள்ளி,
குடியாத்தம் வட்டம், வேலூர் மாவட்டம்,
தமிழ்நாடு, இந்தியா.

பெறுநர்
வெளிநாட்டு மாணவர் சேர்க்கைக் குழு,
கசான் அரசு மருத்துவப் பல்கலைக்கழகம்,
கசான், தாதர்ஸ்தான் குடியரசு, ரஷ்யா.

நாள்: 21.07.2025

பொருள்: ஆறாண்டு பொது மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பிக்கும் செல்வி க. யாழினியைப் பரிந்துரைத்தல்.

பெருமதிப்பிற்குரிய குழுவினர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் பள்ளியில் 2023 முதல் 2025 வரை பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புகளைப் படித்து முடித்த செல்வி க. யாழினி, கல்வியிலும் ஒழுக்கத்திலும் எங்கள் பள்ளிக்குப் பெருமை சேர்த்தவர் என்று மனநிறைவோடு சான்றளிக்கிறேன். இரண்டு ஆண்டுகளும் அவருக்கு விலங்கியல் நடத்தினேன். பன்னிரண்டாம் வகுப்பில் நானே அவருடைய வகுப்பாசிரியர்.

இந்தக் கடிதத்துக்கு மாதிரி ஒன்றை யாழினியின் தந்தை கொண்டு வந்திருந்தார். எங்கோ வாங்கியது. "ஒப்பற்ற அறிவாற்றல்", "அளவற்ற சேவை மனப்பான்மை" என்று அதில் எல்லாம் இருந்தது. பெயரை மாற்றினால் என் வகுப்பில் யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும். மரியாதைச் சொற்கள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, இந்தக் கடிதத்திலும் அவை உண்டு. ஆனால் புகழ்ந்து எழுதினால் அதற்குக் காரணத்தையும் எழுத வேண்டும் என்று நினைத்து நானே உட்கார்ந்து எழுதுகிறேன்.

மதிப்பெண்களை முதலில் சொல்லிவிடுகிறேன். மார்ச் 2025 பொதுத்தேர்வில் 600க்கு 531. உயிரியல் 97, தமிழ் 95, வேதியியல் 91, இயற்பியல் 88, கணிதம் 82, ஆங்கிலம் 78. ஒவ்வொரு பாடமும் நூற்றுக்கு. தேர்ச்சிக்கு 35 போதும். மே மாதம் நடந்த நீட் தேர்வில் 720க்கு 287 பெற்றுத் தகுதி அடைந்தார். வெளிநாட்டில் மருத்துவம் படித்துத் திரும்பி இந்தியாவில் தொழில் செய்ய நீட் தகுதி கட்டாயம் என்பதால் இதைக் குறிப்பிடுகிறேன். இந்த மதிப்பெண்ணுக்கு இங்கே அரசுக் கல்லூரியில் இடம் கிடைப்பது கடினம் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதை மறைத்து எழுதுவதில் பயனில்லை.

மதிப்பெண் பட்டியலில் வராத ஒன்றைத்தான் நான் உங்களிடம் சொல்ல விரும்புகிறேன். யாழினி பார்த்ததைப் பார்த்தபடி எழுதுவார்.

பதினொன்றாம் வகுப்பில் உமிழ்நீர் அமைலேஸ் செய்முறை உண்டு. மாவுச்சத்துக் கரைசலில் உமிழ்நீரைச் சேர்த்து, உடல் வெப்பநிலையில் வைத்து, சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஒரு சொட்டு எடுத்து அயோடினில் சோதிக்க வேண்டும். முதலில் கருநீலம் வரும். நொதி வேலை செய்யச் செய்ய அந்த நீலம் மங்கி மறையும். என்ன வர வேண்டும் என்பது புத்தகத்திலேயே இருப்பதால், பிள்ளைகள் பலர் குழாயைப் பார்க்காமலே முடிவை எழுதிவிடுவார்கள். இருபத்து மூன்று வருடமாக இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அன்று முப்பத்தெட்டு நோட்டுகளில் முப்பத்தேழில் "நீல நிறம் மறைந்தது" என்று இருந்தது. யாழினியின் நோட்டில் மட்டும் "இருபது நிமிடம் ஆகியும் நீல நிறம் மாறவில்லை" என்று இருந்தது. தவறாகச் செய்திருக்கிறார் என்று நினைத்து மதிப்பெண்ணைக் குறைத்தேன்.

அவர் வாதாடவில்லை. மறுநாள் மதிய உணவு இடைவேளையில் வந்து, "சார், இன்னொரு தடவை செய்து பார்க்கட்டுமா?" என்று கேட்டார். இந்த முறை தண்ணீர்க் குவளையில் வெப்பமானியை வைத்துப் பார்த்தோம். அடுப்புச் சுடர் அதிகமாக இருந்ததால் தண்ணீர் 70 டிகிரியைத் தாண்டியிருந்தது. அந்தச் சூட்டில் நொதி செயலிழந்துவிடும், பிறகு நீலம் எப்படி மறையும்? அந்த வரிசை மேசைகள் எல்லாவற்றுக்கும் ஒரே குவளைதான். ஆக, அந்த வரிசையில் உண்மையை எழுதியவர் அவர் ஒருவர்தான். சுடரைக் குறைத்து 37 டிகிரியில் மறுபடி செய்தார், நீலம் மறைந்தது. முதல் நாள் முடிவை அடித்துவிடாமல், அதன் கீழேயே இரண்டாவது முடிவையும் காரணத்தையும் எழுதினார். நான் மதிப்பெண்ணைத் திருத்தினேன். சுடரைக் கவனிக்காத தவறு என்னுடையது என்பதையும் வகுப்பில் சொன்னேன்.

மருத்துவராக வரப்போகிறவரிடம் நான் முதலில் தேடுவது இந்தக் குணத்தைத்தான். நோயாளிக்கு என்ன இருக்க வேண்டும் என்று நினைக்கிறோமோ அதை எழுதாமல், என்ன இருக்கிறதோ அதை எழுதுகிற கை வேண்டும்.

வீட்டிலும் அவர் அப்படித்தான். தந்தை கைலித் தறி நெய்பவர். தாய் பீடி சுற்றுபவர். குடியாத்தம் பக்கம் இந்த இரண்டு தொழிலும் இல்லாத தெரு குறைவு. பாட்டிக்குக் காசநோய் என்று தெரிந்தபோது யாழினி பதினொன்றாம் வகுப்பில் இருந்தார். (இதை எழுதப் பாட்டியிடமே அனுமதி வாங்கிவிட்டேன். "நல்லா எழுது வாத்தியாரே" என்றார்.) ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த மாத்திரையை ஆறு மாதம் விடாமல் சாப்பிட வேண்டும். இரண்டே மாதத்தில் இருமல் நின்றுவிட்டது. போதும் என்று பாட்டி நிறுத்தப் பார்த்தார். அதற்கு முன்பே, மாத்திரையால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போவதைப் பார்த்து ரத்தம் என்று பயந்து ஒரு நாள் மாத்திரையை ஒளித்து வைத்திருக்கிறார். யாழினி செவிலியரிடம் போய்க் கேட்டு, அது ரிஃபாம்பிசின் மருந்தின் நிறம், ரத்தம் இல்லை என்று தெரிந்துகொண்டு வந்து பாட்டிக்குப் புரிகிற மாதிரி சொன்னார். மாத்திரை தொடங்கிய நாளிலிருந்தே தினசரி காலண்டரில் கிழிக்கும் ஒவ்வொரு தாளின் பின்னாலும் மாத்திரை சாப்பிட்ட நேரத்தை எழுதி, தாள்களை ஒரு கம்பியில் குத்தி வைத்தார். ஆறு மாதத் தாள்களையும் நான் பார்த்தேன். ஒளித்து வைத்த அந்த ஒரு நாளின் தாளும் அதில் இருந்தது: "சாப்பிடவில்லை".

குறைகளையும் சொல்ல வேண்டும். யாழினி தமிழ் வழியில் படித்தவர். ஆங்கிலத்தில் வாசித்துப் புரிந்துகொள்வார், ஆனால் சட்டென்று பேச வராது. புதியவர்கள் முன்னால் முதல் பத்து நிமிடம் தயங்குவார். முதல் ஆண்டு வகுப்பில் அவர் கை தூக்கவில்லை என்றால் புரியவில்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம் எனப் பேராசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஒரு முறை கூப்பிட்டுக் கேட்டுவிட்டால் பிறகு அவரே பேசுவார். பாடம் ஆங்கிலத்தில் நடந்தாலும் மருத்துவமனையில் நோயாளிகள் ரஷ்ய மொழியில்தான் பேசுவார்கள் என்று தெரிந்து, தேர்வு முடிந்த வாரமே ரஷ்ய எழுத்துகளைத் தொடங்கிவிட்டார். முப்பத்து மூன்று எழுத்தும் இப்போது எழுத வருகிறது. "247 எழுத்து படித்தாச்சு சார், 33 என்ன?" என்று சிரித்தார். அவருக்குச் சிரிக்கவும் தெரியும் என்பதற்காக இதையும் எழுதுகிறேன்.

உங்கள் பல்கலைக்கழகத்தில் மருத்துவக் கல்வி 1814ஆம் ஆண்டிலிருந்து நடக்கிறது என்று அறிவேன். எங்கள் மாவட்டத் தலைநகரான வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1900இல் ஒரே ஒரு படுக்கையோடு மருத்துவம் பார்க்க ஆரம்பித்து, 1918இல் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி தொடங்கினார். அவர் தொடங்கிய மருத்துவமனைக்கு வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் நோயாளிகள் இன்றும் வந்துகொண்டே இருக்கிறார்கள். அந்த மருத்துவமனை வாசலைப் பேருந்தில் கடந்து போகிற எந்தப் பெண் பிள்ளைக்கும் டாக்டர் ஆகும் ஆசை வருவது சகஜம். ஆசையோடு நிற்காமல் அதற்கான பழக்கத்தையும் வளர்த்துக்கொண்டவர் யாழினி. குளிரைப் பற்றி மட்டும் எனக்குக் கொஞ்சம் கவலை. மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர்க்காரர் அவர். வெயிலூர் என்றே கேலி செய்வார்கள்.

செல்வி க. யாழினி கூர்ந்த அறிவும் நேர்மையும் அடக்கமும் விடாமுயற்சியும் உடையவர். தங்கள் புகழ்பெற்ற நிறுவனத்தில் பயிலும் தகுதி அவருக்கு முழுமையாக உண்டு என்பது என் உறுதியான கருத்து. அவருடைய விண்ணப்பத்தைப் பரிவோடு பரிசீலித்து இடம் அளிக்குமாறு மிகுந்த பணிவன்புடன் பரிந்துரைக்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ம. தணிகாசலம்
(பள்ளி முத்திரை, தலைமையாசிரியர் மேலொப்பத்துடன்)

பின்குறிப்பு, மொழிபெயர்ப்பாளருக்கு:

ஐயா, இதை ரஷ்ய மொழியில் ஆக்கும்போது சில விஷயங்களைக் கவனிக்க வேண்டுகிறேன்.

"க." என்பது தந்தை கதிர்வேலின் பெயரெழுத்து. எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் கதிர்வேல் என்று இருக்கிறது. அதையே வைத்துக்கொள்ளுங்கள், ரஷ்யர்களின் தந்தைவழிப் பெயர் போல மாற்றிவிட வேண்டாம். யாழினியில் உள்ள ழகரம் ஆங்கில எழுத்து வழியாக ரஷ்ய மொழிக்குப் போனால் "யாஜினி" என்பது போல ஒலிக்கும். எனக்கு வருத்தம்தான், ஆனாலும் பாஸ்போர்ட் மொழிபெயர்ப்பில் எப்படி எழுதினீர்களோ அதே எழுத்துகளில் இங்கும் எழுதுங்கள். இரண்டு தாளில் இரண்டு விதமாக இருந்தால் பிள்ளைதான் அலைய வேண்டும்.

தந்தையின் பழைய சான்றிதழில் வடாற்காடு மாவட்டம் என்றும் மகளுடையதில் வேலூர் மாவட்டம் என்றும் இருக்கும். ஊர் மாறவில்லை, மாவட்டத்தின் பெயர்தான் மாறியது.

மதிப்பெண்களை அவர்களுடைய ஐந்து புள்ளி முறைக்கு நீங்களாக மாற்ற வேண்டாம். நூற்றுக்கு இவ்வளவு என்றே இருக்கட்டும். "அடக்கம்" என்ற சொல்லுக்குப் பயந்தவர் என்ற பொருள் வந்துவிடாமல் பாருங்கள். புகழ்ச்சி குறைவாக இருப்பதாகத் தோன்றினால் கடைசிப் பத்தியில் மட்டும் அவர்கள் வழக்கப்படி ஒன்றிரண்டு மரியாதைச் சொற்களைச் சேர்த்துக்கொள்ளலாம். செய்முறை பற்றிய பத்தியிலும் குறைகள் பற்றிய பத்தியிலும் எதையும் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

சந்தேகம் இருந்தால் பள்ளிக்கே வாருங்கள். மாலை நாலரை வரை ஆய்வகத்தில் இருப்பேன்.

ம.த.