நுண்கணிதம் I, பயிற்சித்தாள் 6: பகுதி பின்னங்களாகப் பிரித்தலும் திரும்பச் சேர்த்துச் சரிபார்த்தலும்

நேரம்: 50 நிமிடம். கால்குலேட்டர் வேண்டாம்.

இந்தத் தாளில் கடைசிக் கணக்கைத் தவிர வேறு எதற்கும் விடை தரவில்லை. பகுதி பின்னங்களில் விடை சரியா என்று யாரையும் கேட்கத் தேவையில்லை. கிடைத்த பின்னங்களைப் பொதுப் பகுதியின் கீழ் கொண்டுவந்து கூட்டுங்கள். கொடுத்த தொகுதி அப்படியே வந்தால் விடை சரி. அந்தக் கூட்டலையும் எழுதினால்தான் கணக்கு முழுமையானதாக எடுத்துக்கொள்ளப்படும்.

மாதிரி 1

(5x − 1)/(x² − x − 2)

பகுதியின் காரணிகள் (x + 1), (x − 2). ஆகவே

5x − 1 = A(x − 2) + B(x + 1)

x = −1 எனில் −6 = −3A, A = 2. x = 2 எனில் 9 = 3B, B = 3.

சரிபார்ப்பு: 2(x − 2) + 3(x + 1) = 2x − 4 + 3x + 3 = 5x − 1. சரி.

மாதிரி 2

(x² + 2)/(x(x − 1)²)

இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். (x − 1) இரண்டு முறை வருவதால் (x − 1), (x − 1)² இரண்டுக்கும் தனித்தனிப் பின்னம் வேண்டும்:

A/x + B/(x − 1) + C/(x − 1)²

நடுவில் உள்ளதை விட்டுவிட்டு A/x + C/(x − 1)² என்று மட்டும் எழுதினால் என்ன ஆகும்? x = 0 போட்டால் A = 2, x = 1 போட்டால் C = 3. எந்த இடத்திலும் முரண்பாடு தெரியாது, எல்லாம் ஒழுங்காக முடிந்த மாதிரியே இருக்கும். இப்போது சேர்த்துப் பாருங்கள்:

2(x − 1)² + 3x = 2x² − x + 2

நமக்கு வேண்டியது x² + 2. தவறு வெளியே வந்துவிட்டது. மாறிலிகளைக் கண்டுபிடிக்கப் போட்ட அதே 0, 1 ஆகிய மதிப்புகளையே மறுபடி போட்டுப் பார்த்தால் இது ஒருபோதும் சிக்காது. அந்த இரண்டு இடங்களில் தவறான விடையும் பொருந்தவே செய்யும். அதனால்தான் முழுவதும் விரித்துக் கூட்டச் சொல்கிறேன்.

சரியான வடிவத்துக்கு வருவோம். A = 2, C = 3 மாறவில்லை. x² இன் கெழுக்களை ஒப்பிட்டால் A + B = 1, எனவே B = −1.

சரிபார்ப்பு: 2(x − 1)² − x(x − 1) + 3x
= 2x² − 4x + 2 − x² + x + 3x
= x² + 2. சரி.

பயிற்சி

முதல் மூன்றும் வேகத்துக்காக. மூன்றையும் பத்து நிமிடத்தில் முடிக்கப் பாருங்கள்.

1. (7x + 1)/((x − 1)(x + 3))

2. (x + 9)/(x² − 9)

3. (2x² − 2x + 2)/(x(x + 1)(x − 2))

அடுத்த இரண்டில் காரணி திரும்ப வருகிறது. ஐந்தாவதில் x² என்பதும் x திரும்ப வருவதுதான், அதை இருபடிக் காரணியாக நினைத்துவிடாதீர்கள்.

4. (3x + 5)/(x + 1)²

5. (4x² − 3x + 2)/(x²(x − 2))

6. (3x² + 3x + 8)/(x(x² + 4))

x² + 4 க்கு மெய்யெண் காரணிகள் இல்லை. அதன் மேல் Bx + C என்று வைக்க வேண்டும். பிரித்த பிறகு தொகையிடவும் செய்யுங்கள். விடையில் இரண்டு மடக்கைகளும் ஒரு tan⁻¹ உம் வர வேண்டும்.

7. (x³ + 2x − 3)/(x² − x − 2)

தொகுதியின் படி பெரியது. முதலில் நீள் வகுத்தல், அப்புறம்தான் பிரித்தல். மீதியைப் பார்த்ததும் பாதி வேலை ஏற்கெனவே முடிந்திருப்பது தெரியும். சரிபார்க்கும்போது ஈவையும் பகுதியால் பெருக்கிச் சேர்க்க மறக்காதீர்கள்.

8. ஒரு விடைத்தாளில் இப்படி இருக்கிறது:

(x + 7)/((x + 1)(x − 2)) = 2/(x + 1) + 3/(x − 2)

மாறிலிகளை நீங்களாகக் கண்டுபிடிக்காமல், வலப்பக்கத்தைச் சேர்த்தே இது தவறு என்று காட்டுங்கள். பிறகு, எந்தப் படியில் குறி மாறியிருக்கும் என்று ஒரு வரியில் எழுதுங்கள்.

9. ∫ (2x + 3)/(x² + 3x + 2) dx

பகுதி பின்னங்களால் ஒருமுறை செய்யுங்கள். பிறகு தொகுதிக்கும் பகுதிக்கும் உள்ள உறவைக் கவனித்து ஒரே வரியில் செய்யுங்கள். இரண்டு விடைகளும் ஒன்றே என்று மடக்கை விதியால் காட்டுங்கள். தொகையிடல் மாறிலியை விட்டுவிட வேண்டாம்.

10. மாதிரி 1 ஐப் பயன்படுத்தி, x = 3 முதல் x = 4 வரை (5x − 1)/(x² − x − 2) ஐத் தொகையிடுங்கள். விடை ln(25/2). வேறு ஏதாவது வந்தால் எல்லைகளைப் பிரதியிட்ட வரியை முதலில் பாருங்கள். பிரித்தது சரி என்பது ஏற்கெனவே உறுதியாகிவிட்டது.