முளைப்பாய்வுச் சுருக்கம்: 120 சொல்லுக்குள் திருத்திய வடிவம்

தம்பிக்கு வணக்கம்.

மாநாட்டின் வரம்பு 120 சொல். துணைத்தலைப்புகளும் கணக்கில் சேரும். நீங்கள் அனுப்பிய ஒரே பத்தி 236 சொல், அதில் பாதிக்கு மேல் பின்னணி. நான்கு பகுதியாகப் பிரித்துக் குறைத்திருக்கிறேன்.

பின்னணி: பயிரின் உப்புத் தாங்குதிறனை மதிப்பிட, முளைப்பு வீதம் பரவலாக அளக்கப்படுகிறது. முளைத்த பின் வேர் எப்படி வளர்கிறது என்பது அதில் தெரிவதில்லை. பச்சைப்பயறில் இரண்டையும் ஒருங்கே அளந்தோம்.

முறை: ஒரே ரக விதைகள் 0, 50, 100, 150 மில்லிமோலார் சோடியம் குளோரைடு கரைசலில், செறிவுக்கு 100 வீதம் (4 பெட்ரி தட்டுகள், தட்டுக்கு 25), 25 டிகிரி செல்சியஸில் 7 நாள் இருளில் வைக்கப்பட்டன. முளைவேர் 2 மி.மீ. நீண்ட விதையே முளைத்ததாகக் கொள்ளப்பட்டது.

முடிவுகள்: முளைப்பு முறையே 97, 93, 81, 58 சதவீதம், சராசரி வேர் நீளம் 6.2, 4.6, 3.1, 1.9 செ.மீ. 50 மில்லிமோலாரில் முளைப்பில் புள்ளியியல்படி வேறுபாடில்லை, வேர் நீளமோ 26 சதவீதம் குறைந்தது (p < 0.001).

முடிவுரை: இந்த ரகத்தில் உப்பின் பாதிப்பு முளைப்பைவிட வேரில் முன்னதாகத் தெரிகிறது. முளைப்பு வீதத்தை மட்டும் பார்த்தால் குறைந்த செறிவின் பாதிப்பு விடுபடலாம்.

‘மண் உவர்ப்பு உலகெங்கும் பெருகும் சிக்கல்’ என்று தொடங்கிய முதல் மூன்று வரிகளும் போய்விட்டன. அந்த அரங்கில் இருப்பவர்களுக்கு அது புதுச்செய்தி அல்ல. ‘முடிவுகள் விரிவாக விவாதிக்கப்படும்’ என்ற வரியின் இடத்தில் எண்களையே வைத்துவிட்டேன். 50 மில்லிமோலார் கணக்குதான் உங்கள் ஆய்வின் உயிர்; அது பழைய வடிவத்தில் ‘கணிசமாகக் குறைந்தது’ என்பதற்குள் புதைந்து கிடந்தது.

உவர்நிலத்துக்கு ஏற்ற ரகம் என்ற பரிந்துரையை எடுத்தது உங்களுக்கு வருத்தமாக இருக்கும். பெட்ரி தட்டில் ஒரே ரகத்தை வைத்துப் பார்த்துவிட்டு வயலைப் பற்றிப் பேச முடியாது. சோடியத்தின் நச்சுதான் காரணம் என்ற வரிக்கும் இதே கதிதான்: கரைசலின் சவ்வூடு அழுத்தமும் விதை நீர் உறிஞ்சுவதைத் தடுக்கும். அதே அழுத்தமுள்ள மானிட்டால் கரைசலோடு ஒப்பிட்டிருந்தால் பிரித்துச் சொல்லியிருக்கலாம்.

ஒன்று மட்டும் எனக்குத் தெரிய வேண்டும். வேர் நீளத்தின் சராசரி முளைத்த விதைகளுக்கு மட்டுமா, முளைக்காதவற்றைப் பூஜ்யமாகச் சேர்த்தா? சேர்த்திருந்தால் 150 மில்லிமோலாரின் 1.9 என்பதே மாறிவிடும். முளைத்தவை மட்டும் என்றால் ‘சராசரி’க்கு முன்னால் ‘முளைத்தவற்றின்’ என்று சேர்த்து அனுப்பிவிடுங்கள். ஒரு சொல்லுக்கு இடமிருக்கிறது.