விளக்கு அணைந்த பெட்டி

இரண்டாவது பிஜிஎம் முடிய நாலு பார் இருக்கும்போது, மேடையில் டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்த செல்வத்தின் காதில் எல்லாம் ஒன்றாக நின்றது. தட்டுக்குத் தட்டு டெம்போ காட்டும் கிளிக் இல்லை, பாஸ் இல்லை, இரைச்சல்கூட இல்லை. சிலிகான் முனைகள் காதை இறுக்கி அடைத்திருந்ததால், அவன் அடித்த ஸ்னேரே பக்கத்து அறையில் யாரோ கதவைத் தட்டுவதுபோல் கேட்டது. கிக் மட்டும் பாதத்திலும் ஸ்டூலிலும் ஏறி உடம்புக்குள் வந்தது.

கை நிற்கவில்லை. வாசித்துக்கொண்டிருந்த பேட்டர்னையே பிடித்துக்கொண்டான். பேட்டர்னை விட்டு உருட்டி வாசிக்கும் ஃபில் ஒன்றும் வைக்கவில்லை. கிளிக் இல்லாத நேரத்தில் ஃபில்லுக்குள் போனால் ஒன்றாம் தட்டு கைநழுவிவிடும்.

இடது இன்-இயரை உருவித் தோளில் போட்டான். மண்டபம் மொத்தமும் காதுக்குள் கொட்டியது. பயப்பட வேண்டியது அதற்குத்தான். பின்சுவர் மேடையிலிருந்து 20 மீட்டர் இருக்கும். ஸ்பீக்கர் சத்தம் போய்த் திரும்ப 40 மீட்டர், ஏறக்குறைய 117 மில்லி செகண்ட். பாட்டின் டெம்போ 120; ஒரு தட்டுக்கு 500 மில்லி செகண்ட், அதில் கால்வாசி 125. சுவரிலிருந்து வரும் ஸ்னேர் ஏறத்தாழ கால் தட்டு பிந்தியே வரும். அதை நம்பினால் பாருக்குப் பார் பாட்டு இழுபடும். லேப்டாப்பில் ஓடும் வயலின் டிராக்கோ யாருக்காகவும் நிற்காது.

கீபோர்டு ரவி அண்ணனைப் பார்த்து, கழற்றிய காதைக் குச்சி நுனியால் தொட்டுக் காட்டினான். அவருக்குத் தனி வயர்லெஸ் பேக். அவர் காதில் கிளிக் ஓடிக்கொண்டிருந்தது. ரவி உடனே அவன் பக்கம் திரும்பி, ஒன்றாம் தட்டில் முகவாயை அழுத்தமாக இறக்கினார். மற்ற மூன்றையும் தோளில் லேசாகக் காட்டினார். செல்வம் சுவரை விட்டுவிட்டு அந்த முகவாயைப் பிடித்துக்கொண்டான்.

சரணம் தொடங்கியது. ஹைஹேட் ஸ்டாண்டில் மாட்டியிருந்த ஹெட்ஃபோன் ஆம்ப் பெட்டியை ஓரக்கண்ணால் பார்த்தான். சிவப்பு விளக்கு எரியவில்லை. மிக்சரில் அவன் காதுக்கு அனுப்பும் ஆக்ஸ் மியூட் ஆகியிருந்தாலோ, எக்ஸ்எல்ஆர் கேபிள் கழன்றிருந்தாலோ விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும். காதில் மெல்லிய இரைச்சலாவது மிஞ்சும். இது கரண்ட் பிரச்சினை.

இடது பக்கத் தரையில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். அதன் பக்கத்தில் அவனுடைய கறுப்பு அடாப்டர் கார்ப்பெட்டில் மல்லாந்து கிடந்தது. அது இருந்த ஓட்டையில் ஒரு வெள்ளை பிளக். வயரைக் கண்ணால் தொடர்ந்தால் வீடியோ லைட் ஸ்டாண்டில் போய் முடிந்தது.

வலது கையை ஹைஹேட்டிலிருந்து எடுத்து, இரண்டிலும் நாலிலும் ஸ்னேருக்கு மட்டும் கொடுத்தான். நாலு தட்டையும் இடது கால் ஹைஹேட் பெடலில் மிதித்தது. கிக் பழையபடி. இடது கை முழுசாக விடுபட்டது. சரணம் மென்மையாகத் தொடங்கும் பாட்டு என்பதால், இப்படி மெலிந்து வாசித்தது வேண்டுமென்றே செய்த அரேஞ்ச்மெண்ட் போலவே இருந்தது.

குச்சியைத் தொடைக்கடியில் செருகினான். முதலில் ஆம்பின் வால்யூம் குமிழைப் பூஜ்யத்துக்குத் திருப்பினான். வலது முனை இன்னும் காதில் இருந்தது. கரண்ட் வரும்போது கிளம்பும் 'டப்' நேரே செவிப்பறையில் விழும். பிறகு குனிந்து தன் மேசை விசிறியின் பிளக்கைப் பிடுங்கி, அந்த இடத்தில் அடாப்டரைச் செருகினான். லைட்டைத் தொடவில்லை, பாட்டு நடுவே மேடை இருண்டால் எல்லாக் கண்ணும் இங்கேதான் திரும்பும்.

சிவப்பு விளக்கு வந்தது. குமிழை மெதுவாக, கடிகாரத்தில் பத்து மணி இருக்கும் இடம் வரை திருப்பினான்.

டிக். டிக். அவனுடைய ஸ்னேர் கிளிக்குக்கு ஒரு மயிரிழை முன்னே விழுந்துகொண்டிருந்தது. இழுபட்டுவிடுமோ என்று பயந்து பயந்து, கை கொஞ்சம் ஓடியிருக்கிறது. ஒரே தட்டில் பின்வாங்கினால் ஆடுகிறவர்களின் கால் தடுமாறும். இரண்டு பார் முழுக்க ஸ்னேரைப் பின்னால் சாய்த்து வாசித்தான். ஆறாவது தட்டில் கிளிக் ஸ்னேருக்குள் மறைந்தது. குச்சியை உருவி, சரணத்தின் கடைசி வரியில் ஒரு சின்ன ஃபில் வைத்துக் கிராஷில் விழுந்தான்.

கைதட்டலுக்கு நடுவே ரவி குனிந்து கேட்டார். "என்னடா, பேக்கா?"

"இல்லண்ணே, கரண்டு. லைட்டுக்குப் பிடுங்கிட்டாங்க."

"ஆம்புல ஒன்பது வோல்ட் பேட்டரி போடுற இடம் இருக்குமே?"

செல்வம் பெட்டியின் பின்மூடியைத் திறந்து காட்டினான். காலி.

ரவி தன் பெடல் பையிலிருந்து ஒரு பேட்டரியை எடுத்து நீட்டினார். அதை மாட்டி மூடியதும், செல்வம் காஃபர் டேப்பை ஒரு சாண் நீளத்துக்குக் கிழித்து, அடாப்டரையும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸையும் சேர்த்துச் சுற்றினான். மார்க்கரில் 'டிரம்ஸ் - கழட்டாதீங்க' என்று அதன்மேல் எழுதினான். இடது முனையைக் காதில் அழுத்தி வைத்தான். அடுத்த பாட்டின் கிளிக் இரண்டு காதிலும் ஓடத் தொடங்கியிருந்தது.