பூட்டிய கதவும் கம்பனியின் மனமும்

கிராண்ட்பாஸில் தீப்பற்றிய தையல் தொழிற்சாலையின் பின்கதவைப் பூட்டியவர் மேற்பார்வையாளர். துணி களவு போகிறதென்று மூன்று கடிதம் எழுதிப் பூட்டச் சொன்னவர் தலைமை அலுவலகத்து முகாமையாளர், பணிப்பாளர் அல்லர். இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவையில் ‘ஆள்’ என்பது கம்பனியையும் அடக்கும். ஆனால் குற்றத்துக்கு வேண்டிய மனம் கம்பனியில் எங்கே? 1971இல் டெஸ்கோ என்ற பல்பொருள் அங்காடி நிறுவனத்தின் வழக்கில் பிரித்தானியப் பிரபுக்கள் சபை, கடை முகாமையாளர் நிறுவனத்தை வழிநடத்தும் மனமல்லர் என்று கூறி நிறுவனத்தை விடுவித்தது. வழிநடத்துபவரின் மனமே கம்பனியின் மனம் என்னும் இந்த அடையாளங்காணல் கோட்பாட்டில் சிறு முதலாளி உடனே அகப்படுவார். பல அடுக்கு நிர்வாகத்திலோ அறிந்தவர் தீர்மானிப்பதில்லை, தீர்மானிப்பவர் அறிவதில்லை, ஆகவே பெரிய கம்பனி தப்பிவிடும் (வசதியான அறியாமைதான்). 2007ஆம் ஆண்டின் பிரித்தானியச் சட்டம், மரணம் நேர்ந்தால், மூத்த முகாமைத்துவம் வேலையை ஒழுங்கமைத்த விதத்தையே ஆராய்கிறது. இங்கும் அவ்வாறான சட்டம் இருந்தால், விசாரணை அந்த மூன்று கடிதங்களிலிருந்தே தொடங்கும்.