வியாழன் இரவு முதல் திங்கள் வரை ஊரில் இருக்க மாட்டேன்

எல்லாருக்கும் வணக்கம்.

12ஆம் தேதி இரவு பொதிகையில் தென்காசிக்குக் கிளம்புகிறேன். வெள்ளியும் திங்களும் விடுப்பு. 17ஆம் தேதி செவ்வாய்க்கிழமை காலை ரயிலை விட்டு இறங்கி, குளித்துவிட்டு நேராக அலுவலகம். வண்டி தாமதமானால் பதினொரு மணி ஆகலாம்.

காரணம், அக்கா மகளுக்குக் காதுகுத்து. ஞாயிறு காலை குலதெய்வக் கோயிலில் மொட்டையும் அங்கேயே. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள் என்பதால் என்னால் நழுவ முடியாது. ஆசாரி ஊசியை எடுத்ததும் அவள் யாரைக் கடிப்பாள் என்பதில் வீட்டில் ஒருவருக்கும் சந்தேகமில்லை.

வேலை நிலவரம்: இந்த மாத ஜி.எஸ்.டி.ஆர்-1 எல்லாம் தாக்கல் செய்தாகிவிட்டது. முன்கூட்டிய வரியின் முதல் தவணைக்குக் கடைசி நாளான 15 ஞாயிற்றுக்கிழமையில் வருகிறது. திங்களன்று பார்த்துக்கொள்ளலாம் என்று யாரும் தள்ளிப்போட வேண்டாம் என்பதற்காக எல்லாக் கட்சிக்காரர்களுக்கும் செலானை இப்போதே அனுப்பிவிட்டேன். வெள்ளி மாலைக்குள் கட்டிவிட்டார்களா என்று கார்த்திக் ஒரு முறை போன் போட்டுக் கேட்டுவிடு. படிவம் 16 அனைத்தும் பொதுக் கோப்புறையில் இருக்கின்றன. சம்பளக்காரர்கள் கேட்டால் அங்கிருந்தே எடுத்து அனுப்பலாம்.

தேன்மொழி அக்கா, 14ஆம் தேதி 2பி வந்துவிடும். கொள்முதல் பதிவேட்டோடு ஒப்பிடும் வேலையை நீங்கள் தொடங்கிவிட்டால் 20ஆம் தேதி 3பி-க்கு நமக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும். மரக்கடைக்காரர் கணக்கை மட்டும் எனக்கு விட்டுவிடுங்கள். அவர் பில்களைக் கட்டு கட்டாக மஞ்சள் பையில் கொண்டுவருவார், அந்தப் பையின் வரிசை எனக்குத்தான் புரியும். ஓ.டி.பி. அவர் கைப்பேசிக்குத்தான் போகும். அவசரமாகத் தேவைப்பட்டால் காலை பதினொரு மணிக்கு முன் கூப்பிடுங்கள். சாப்பாட்டுக்குப் பிறகு அவர் தூங்கினால் மாலை காபிக்குத்தான் எழுவார்.

என்னைப் பிடிக்க வேண்டுமானால்: வெள்ளி, சனி இரண்டு நாளும் மாலையில் செய்திகளைப் பார்ப்பேன். ஞாயிறு நண்பகல் வரை போனை எடுக்க வழியில்லை. கோயில் பக்கம் சிக்னல் கிடையாது, கிடைத்தாலும் மேளச் சத்தத்தில் நீங்கள் கத்துவது எனக்குக் கேட்காது. துறையிலிருந்து நோட்டீஸ் ஏதாவது வந்தால் மட்டும் தயங்காமல் கூப்பிடுங்கள். எடுக்கவில்லை என்றால் 'நோட்டீஸ்' என்று ஒரு சொல் அனுப்பினால் போதும், நானே திரும்பக் கூப்பிடுகிறேன். மற்றதெல்லாம் செவ்வாய் வரை தாங்கும்.

திங்களன்று குற்றாலத்தில் தண்ணீர் விழுந்தால் ஒரு முழுக்கு போட்டுவிட்டுத்தான் வண்டி ஏறுவேன். நேந்திரம் சிப்ஸ் நிச்சயம், மங்குஸ்தான் கிடைத்தால் அதுவும். பார்டர் புரோட்டா வேண்டும் என்று பாலா இப்போதே கேட்டுவிட்டான். இரவெல்லாம் ரயிலில் வந்தால் அது ரப்பராகிவிடும் தம்பி, சிப்ஸோடு நிறுத்திக்கொள்.

— முருகேசன்